சக்கரவர்த்தியின் முகத்தில் ஓர் உளிவெட்டு

கோவை, கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒரே ஒரு காசு திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியது. எடை நான்கு கிராமுக்குள். பெயர் தினாரியஸ். ஒரு பக்கம் வாகை மாலை சூடிய ஒரு தலை, வலப்புறம் பார்த்தபடி. மறுபக்கம் இரண்டு இளைஞர்கள் நேரே பார்த்து நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவே இரண்டு கேடயங்கள், இரண்டு ஈட்டிகள். அவற்றுக்கு மேலே கடுகளவில் இரண்டு பொருள்கள்: ஒன்று நீண்ட காம்புள்ள அகப்பை, மற்றொன்று நுனி சுருண்ட கோல். இந்தப் படங்களைச் சுற்றி, பின்பக்கத்தில் மட்டும், முப்பதுக்கும் மேற்பட்ட லத்தீன் எழுத்துகள்.

தலை அகஸ்டஸுடையது, ரோமின் முதல் சக்கரவர்த்தி. காசு அடிக்கப்பட்ட இடம் லுக்டூனம், அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரம். ரோமானியர் அங்கே பொன்னும் வெள்ளியும் காசாக அடிக்கிறார்கள் என்று அந்தக் காலத்தவரான ஸ்ட்ராபோ தம் புவியியல் நூலில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து கொங்கு நாட்டுக்கு வர இந்தக் காசு மத்தியதரைக் கடலைத் தாண்ட வேண்டும். அலெக்சாந்திரியாவில் இறங்கி நைல் நதியில் தெற்கே போக வேண்டும். பாலைவனத்தை ஒட்டகத்தின் முதுகில் கடந்து செங்கடல் துறைமுகம் ஒன்றை அடைய வேண்டும். பருவக்காற்றில் முசிறிக்கு வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்நாட்டுக்குள் நுழைய வேண்டும். அகஸ்டஸின் எந்தச் சிலையும் இவ்வளவு தூரம் பயணப்பட்டதில்லை.

பளிங்குச் சிலையைக் காண ஆள்தான் அதனிடம் போக வேண்டும். காசு தானே ஆளிடம் போகும். பத்திரிகையோ சுவரொட்டியோ இல்லாத உலகத்தில், தன்னை ஆள்பவன் எப்படி இருப்பான் என்று ஒரு சிப்பாய்க்கும் உழவனுக்கும் காட்டியது சட்டைப் பொத்தான் அளவிலான இந்தப் புடைப்புச் சிற்பம்தான்.

குழியில் செதுக்கி மேட்டில் காண்பது

காசின் முகத்தைக் காசில் யாரும் செதுக்கவில்லை. வெண்கலம் அல்லது இரும்பாலான அச்சில்தான் செதுக்கினார்கள். காசில் மேடாகத் தெரிய வேண்டியதெல்லாம் அச்சில் பள்ளமாக இருக்க வேண்டும். வலப்புறம் பார்க்க வேண்டிய முகம் அச்சில் இடப்புறம் பார்க்கும். எழுத்துகள் தலைகீழ் வரிசையில், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். மூக்குதான் உயரமான இடம் என்றால், செதுக்குபவர் அதிக ஆழம் தோண்ட வேண்டிய இடமும் மூக்குதான். அவ்வப்போது களிமண்ணிலோ மெழுகிலோ அழுத்திப் பார்த்தாலொழிய, தான் செய்தது என்ன என்று முழுதாகத் தெரியாத வேலை இது.

தலை உள்ள அச்சை அடைகல்லில் பதித்துவிடுவார்கள். அதன் மேல் சூடேற்றிய வெள்ளி வில்லையை வைப்பார்கள். பின்பக்க அச்சு ஒரு தடித்த உளியின் அடிநுனியில் இருக்கும். அதைக் கையால் பிடித்து வில்லையின் மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். காசு தயார். சம்மட்டியின் அடியை நேரே வாங்குவது மேல் அச்சு என்பதால் அதுதான் சீக்கிரம் வெடிக்கும், தேயும். பொறுமையும் நேரமும் கேட்கும் முகத்தைக் கீழ் அச்சில் வைத்ததற்கு இது ஒரு நல்ல காரணம்.

இப்படி அடிக்கும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து நிரம்ப வேண்டும். பள்ளம் மிக ஆழமாக இருந்தால் ஒரே அடியில் நிரம்பாது. ஒரு பக்கம் கன்னத்துக்காக உலோகம் உள்ளே போய்விட்டால், அதற்கு நேர் எதிரே மறுபக்கத்தில் இருக்கும் உருவத்துக்கு உலோகம் போதாமல் அது மங்கிவிடும். அதனால்தான் காசுச் சிற்பி ஒரு மில்லிமீட்டர் அளவேயான உயரத்துக்குள் எலும்பும் சதையும் முடியும் காட்டக் கற்றுக்கொண்டார். பக்கவாட்டு முகம் இதற்குக் கைகொடுத்தது. நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஓடும் ஒற்றைக் கோடே ஆளை அடையாளம் காட்டிவிடும். கன்னம் ஏறக்குறையத் தட்டையாக இருந்தால் போதும்.

நேர்முகம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி சாட்சி. கடைசிக் காலத்தில் அவர் காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பை ஏராளமாகக் கலந்தார். முகமோ வாங்குபவரை நேரே பார்க்கும் முகம். கைமாறக் கைமாற முதலில் தேய்ந்தது மூக்கு நுனி. மேலே இருந்த வெள்ளிப் பூச்சு போய் உள்ளே இருந்த செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தது. ‘செம்பு மூக்கன்’ என்று குடிமக்கள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அரசன் மறைக்க நினைத்த செய்தியை அவன் மூக்கே காட்டிக்கொடுத்தது.

அவசரத்தில் நடந்த தவறுகளும் காசில் நிற்கின்றன. அடித்த காசு சில சமயம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், அதன் கீழ்ப்பக்கத்தில் சக்கரவர்த்தியின் தலை வழக்கம்போல மேடாக விழும். மேல்பக்கத்தில் அதே தலை குழியாக, திசை மாறி விழும். இரண்டு பக்கமும் தலை, பூ கிடையாது. இத்தகைய காசுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

சுத்தியலால் அடித்ததா, பிற்காலத்தில் அச்சில் வார்த்த போலியா என்று கண்டுபிடிக்கவும் இந்த வேலைமுறைதான் உதவுகிறது. அடித்த காசின் விளிம்பில் அடி தாங்காமல் விட்ட சிறு வெடிப்புகள் இருக்கலாம். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடிய தடம் தெரியும். வார்த்த போலியில் ஊசிமுனை போன்ற காற்றுக்குமிழ்க் குழிகள் காணும். கூர்மை மழுங்கியிருக்கும். இரண்டு வார்ப்புகள் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவி மறைத்த அடையாளம் விளிம்பில் இருக்கும். எடையும் பெரும்பாலும் ஒத்துவராது.

முதுமையே இல்லாத முகம்

உயிரோடு இருக்கும் மனிதரின் முகத்தைக் காசில் போடுவது ரோமானியக் குடியரசுக்குப் பிடிக்காத காரியம். கிழக்கே கிரேக்க மன்னர்கள் அதைச் செய்துவந்தார்கள். ரோமானியர் காசில் தெய்வங்களும் மறைந்த முன்னோரும்தான் இடம்பெற்றார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் முகம் ரோம் நகரக் காசில் ஏறியது. அதே ஆண்டு மார்ச் மாதம் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அரசனாக முயன்றவனைக் கொன்றோம் என்று பெருமைப்பட்ட புரூட்டஸ், போருக்குப் படை திரட்டியபோது தம் காசின் ஒரு பக்கம் இரண்டு குத்துவாளும் விடுதலை பெற்ற அடிமையின் தொப்பியும் பொறித்தார். மறுபக்கம் பொறித்தது தம் முகத்தை.

அகஸ்டஸ் இந்தக் கருவியை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்திருந்தார். எகிப்தை வென்றபோது காசில் ஒரு முதலை வந்தது, கூடவே ‘எகிப்து பிடிபட்டது’ என்ற இரண்டு சொற்கள். பார்த்தியர்கள் முன்பு பறித்துப்போன படைக்கொடிகளைப் பேச்சுவார்த்தையில் திருப்பிப் பெற்றபோது, மண்டியிட்டுக் கொடியை நீட்டும் ஒரு பார்த்தியன் வந்தான். போர் நடக்கவில்லை, படமோ போரில் வென்றது போலத்தான் இருந்தது.

முகத்தில் காட்டிய சாமர்த்தியம் இதைவிடப் பெரிது. அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது அவருக்கு 75 வயது. காசிலோ கடைசிவரை இளைஞர்தான். சுருக்கமில்லாத நெற்றி, தொங்காத மோவாய், ஒழுங்காகப் படிந்த முடி. அச்சு செதுக்கியவர்கள் அவரை நேரில் பார்த்து வரைந்தவர்கள் அல்லர். ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு மாதிரி உருவத்தைப் பின்பற்றினார்கள். கன்னங்களின் பருமனும் மூக்கின் வளைவும் அச்சுக்கு அச்சு கொஞ்சம் மாறும். வயது மட்டும் ஏறவே ஏறாது.

இப்போது அந்த இரண்டு இளைஞர்களிடம் வருவோம். அவர்கள் காயுஸ், லூசியுஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்குப் பிறந்தவர்கள். அவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் கி.மு. 17-இல் இந்தப் பேரன்களைத் தத்தெடுத்து மகன்களாக்கிக்கொண்டார். காசின் எழுத்துகள் அவர்களை ‘அகஸ்டஸின் மகன்கள்’ என்றே அறிவிக்கின்றன. கான்சல் பதவிக்குக் குறிக்கப்பட்டவர்கள், இளைஞர்களின் தலைவர்கள் என்று அடுக்குகின்றன. இடம் போதாது என்பதால் கான்சல் என்ற பதவிப் பெயர் மூன்றே எழுத்தாகச் சுருங்கிவிட்டது. கேடயமும் ஈட்டியும் இளைஞர் தலைவர்களாக அவர்களுக்கு அளிக்கப்பட்ட மரியாதைப் பொருள்கள். மேலே இருக்கும் அகப்பை, காயுஸ் ஏற்றிருந்த குருமார் பதவியின் சின்னம். வேள்வியில் மது வார்க்க உதவுவது. சுருள்கோல் லூசியுஸுக்கு உரியது. பறவைகளின் போக்கைப் பார்த்து நிமித்தம் சொல்பவர் கையில் இருப்பது.

சுருங்கச் சொன்னால், ‘எனக்குப் பின் யார் என்று கவலைப்படாதீர்கள், ஒருவருக்கு இருவராக இருக்கிறார்கள்’ என்பதுதான் செய்தி. கி.மு. 2-இல் அகஸ்டஸுக்குக் கிடைத்த ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் தலைப்பக்கத்தில் இருப்பதால், காசு அதற்குப் பிற்பட்டது என்று தெரிகிறது. ஆனால் கி.பி. 2-இல் லூசியுஸ் மஸ்ஸிலியாவில், இன்றைய மார்செய்யில், நோயுற்று இறந்தார். கி.பி. 4-இல் காயுஸும் கிழக்குப் போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். அடித்துவிட்ட காசைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது. இறந்துபோன இரு வாரிசுகளும் கைக்குக் கை, துறைக்குத் துறை போய்க்கொண்டே இருந்தார்கள். கொங்கு நாட்டை அடைந்தபோது அந்தச் செய்தி காலாவதியாகியிருந்தது. வெள்ளி மட்டும் செல்லுபடியானது.

வாங்கியவர் படித்தது என்ன?

அடுத்து வந்த டைபீரியஸ் இத்தனை மெனக்கெடவில்லை. தம் 23 ஆண்டு ஆட்சியில் பெரும்பாலும் ஒரே வகை தினாரியஸைத்தான் அடித்தார்: ஒரு பக்கம் தம் தலை, மறுபக்கம் கோலேந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். இந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகப்பெரும் பங்கு அகஸ்டஸின் இரட்டையர் காசும் டைபீரியஸின் இந்தக் காசும்தான். 1842-இல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை ஒரே புதையலாகக் கிடைத்தபோதும் கதை அதுவே. இவ்விரண்டும் ஏறக்குறையக் கலப்பற்ற வெள்ளி. கி.பி. 64 வாக்கில் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் நம் பக்கம் அரிதாகவே கிடைக்கின்றன. மிளகும் நீலப்பச்சைக் கல்லும் விற்றவர்கள், எந்த முகம் நம்பத்தக்கது என்று பழகி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முகம் என்பது தர முத்திரை.

இதற்கு ஒரு சாட்சியை ரோமானியரான பிளினியே தருகிறார். கிளாடியஸ் காலத்தில், செங்கடல் பகுதியில் வரி வசூலிக்கும் குத்தகை எடுத்திருந்த அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை ஒதுங்கினார். அங்கே ஆறு மாதம் தங்கி மொழி கற்று, அரசனிடம் ரோமைப் பற்றிப் பேசினார். அவரிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்த அரசன் வியந்தது படங்களைக் கண்டு அல்ல. முகங்கள் வேறு வேறாக இருக்கின்றன, அப்படியென்றால் அடித்தவர்களும் வேறு வேறு ஆள்கள். இருந்தும் எல்லாம் ஒரே எடை. இதைக் கண்டுதான் ரோமானியரின் நேர்மையை அவன் மதித்தான் என்கிறார் பிளினி. தூதர்களையும் ரோமுக்கு அனுப்பினான். எந்த முகம் யாருடையது என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

வேறு சிலர் முகத்துக்கு இன்னும் கடுமையாகப் பதில் சொன்னார்கள். புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. கடைசியாக இடம்பெறும் சக்கரவர்த்தி வெஸ்பேசியன், கி.பி. 69 முதல் 79 வரை ஆண்டவர். அந்தக் காசுகளில் மிகப்பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய ஆழமான கோடு இருக்கிறது. காது, கன்னம், கழுத்து என்று பாராமல் வெட்டு முகத்தில் விழுந்திருக்கிறது.

ஏன் வெட்டினார்கள்? உள்ளே மட்ட உலோகம் இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது ஒரு விளக்கம். சோதனைக்கு விளிம்பில் ஒரு சிறு கீறல் போதுமே, ஏன் தேடித் தேடித் தலையில் வெட்ட வேண்டும் என்ற கேள்வி உடனே எழுகிறது. ‘இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக எடைக்கு மட்டும்’ என்று அறிவிக்க வெட்டினார்கள் என்பது இரண்டாவது விளக்கம்; வேற்று அரசனின் அதிகாரம் இங்கே செல்லாது என்று காட்டவே என்பது மூன்றாவது. வெட்டு தலையைக் குறி வைத்திருப்பதால் பின்னிரண்டும்தான் பொருந்துகின்றன என்று தோன்றுகிறது. அப்படியானால், வெட்டியவர் அந்தப் படம் எதற்காக இருக்கிறது என்பதை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார். பின்பக்கத் தெய்வத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் செல்லாததாக்கினார்.

இன்னும் சிலர் முகத்தை அல்ல, முகம் போடும் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். வடமேற்கே குஷான மன்னன் குஜூல கட்பிசஸ் தன் செப்புக் காசு ஒன்றில் ரோமானியச் சக்கரவர்த்தியின் தலையைப் போலவே ஒரு தலையைப் பொறித்தான். சுற்றியுள்ள எழுத்துகளில் தன் பெயரைச் சொன்னான். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகள் அதைவிடத் தெளிவானவை. ஒரு காசில் வலப்புறம் பார்க்கும் ஒரு தலை. மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயர். இன்னொன்றில் ‘குட்டுவன் கோதை’. பழந்தமிழ்க் காசுகளில் யானை, வில், புலி, மீன் என்று சின்னங்களே வழக்கம். பெயரோடு சேர்ந்த தலை என்பது புது வழக்கம். ரோமானியக் காசுகளைப் பார்த்த பழக்கம்தான் இதற்குக் காரணம் என்று நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கருதினார். மாக்கோதையின் தலையில் வாகை மாலை இல்லை. பின்பக்கத்தில் வாரிசுகளோ தெய்வமோ இல்லை, வெறுமைதான். சேரன் எடுத்துக்கொண்டது காசில் முகத்தோடு பெயரைச் சேர்க்கும் முறையை. ரோமின் பிரசாரம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

செலவழிக்க முடியாத காசு

ஏறக்குறைய 1400 ஆண்டுகள் கழித்து, இத்தாலியில் செல்வந்தர்கள் ரோமானியக் காசுகளைத் தோண்டியெடுத்துச் சேர்க்கத் தொடங்கியிருந்த காலம். 1438-இல் பைசாந்தியச் சக்கரவர்த்தி எட்டாம் ஜான் பாலயோலோகஸ், துருக்கியருக்கு எதிராக உதவி கேட்டு ஃபெராரா நகரில் கூடிய திருச்சபை மன்றத்துக்கு வந்தார். பிசனெல்லோ என்ற ஓவியர் அவரைப் பார்த்து வரைந்து, ரோமானியக் காசின் அமைப்பிலேயே ஒரு பதக்கம் செய்தார். ஒரு பக்கம் முன்னே கூர்ந்து நீண்ட பெரிய தொப்பியோடு சக்கரவர்த்தியின் பக்கவாட்டு முகம். மறுபக்கம் குதிரையில் அமர்ந்து வழியோரச் சிலுவையை வணங்கும் அதே சக்கரவர்த்தி. இன்று பதக்கம் என்று நாம் அழைக்கும் கலைவடிவம் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று பலர் கருதுகிறார்கள்.

இதன் குறுக்களவு சுமார் பத்து சென்டிமீட்டர். சம்மட்டியால் அடித்தது அல்ல. மெழுகில் உருவம் செய்து, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி வார்த்தது. அதனால் பிசனெல்லோ தலைகீழாகச் செதுக்க வேண்டியிருக்கவில்லை. மெழுகில் விரும்பியபடி உயர்த்தவும் இறக்கவும் முடிந்தது. ஒரே அடியில் உலோகம் நிரம்ப வேண்டுமே என்ற கவலையும் இல்லை. தொப்பியின் வளைவும் தாடியின் சுருளும் அவ்வளவு இயல்பாக வந்ததற்கு அதுவே காரணம். கூடவே வார்ப்பின் குறையும் வந்தது. ஒரு பதக்கத்திலிருந்து அச்செடுத்து இன்னொன்றை வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் கொஞ்சம் சிறுத்துவிடும், கூர்மையும் மழுங்கும். முதல் வார்ப்பையும் நகலையும் பிரித்தறிய அளவுகோலை எடுப்பது இன்றும் வழக்கம்.

முக்கியமான வித்தியாசம் பயனில் இருக்கிறது. பதக்கத்தைக் கொடுத்து உப்புகூட வாங்க முடியாது. யாருக்குக் கொடுப்பது என்று கொடுப்பவரே முடிவு செய்வார்: ஒரு தூதருக்கு, ஒரு கூட்டாளிக்கு, ஒரு மைத்துனருக்கு. வாங்குபவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்; விருந்தினருக்குக் காட்டுவார்; படத்தின் பொருள் கேட்டால் விளக்கவும் செய்வார். செய்தி போக வேண்டிய இடத்துக்கு அப்படியே போய்ச் சேரும், ஆனால் சில பேரோடு நின்றுவிடும்.

காசுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெள்ளியின் மதிப்புதான் அகஸ்டஸின் முகத்தை லியோனிலிருந்து கொங்கு நாடுவரை இழுத்து வந்தது. அதே மதிப்புதான், முகத்தைப் பாராமல் காசை நிறுத்துப் பார்க்கவும், உருக்கவும், வெட்டவும் வாங்கியவருக்கு உரிமை கொடுத்தது. எதைச் சொல்வது என்பது அச்சடித்தவர் கையில் இருந்தது. அதில் எவ்வளவை எடுத்துக்கொள்வது என்பது தராசு பிடித்தவர் கையில் இருந்தது.